வரலாற்று நூலுக்கு 700 சொல்லில் மதிப்புரை: பர்ட்டன் ஸ்டெய்ன் நூலை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பி.ஏ. வரலாறு முதலாண்டில் சேர்ந்த கையோடு வரும் அசைன்மென்ட்களில் இதுவும் ஒன்று: ஒரு வரலாற்றாய்வு நூலை எடுத்து, 700 சொல்லுக்குள் மதிப்புரை எழுதி வர வேண்டும். மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் தாள்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். "முதல் அத்தியாயத்தில் ஆசிரியர் தென்னிந்தியாவின் நில அமைப்பைக் கூறுகிறார், இரண்டாம் அத்தியாயத்தில்..." என்று பொருளடக்கத்தை வரிசையாக ஒப்பித்துவிட்டு, "இது அனைவரும் படிக்க வேண்டிய சிறந்த நூல்" என்று முடித்துவிடுவார்கள். சுருக்கம் சரியாகத்தான் இருக்கும். மதிப்புரைதான் அதில் இருக்காது.

வரலாற்றாய்வு நூல் என்பது ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வேறொருவர் வேறு பதில் சொல்லியிருப்பார். புதிய பதில் என்ன, அதற்கு என்ன சான்று, அந்தச் சான்று எவ்வளவு தூரம் தாங்குகிறது என்ற மூன்றையும் சொல்வது மதிப்புரையின் வேலை. இதை ஒரு நூலை வைத்தே செய்து பார்ப்போம். பர்ட்டன் ஸ்டெய்ன் எழுதி 1980இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட 'பெசன்ட் ஸ்டேட் அண்ட் சொசைட்டி இன் மிடீவல் சவுத் இந்தியா'. சோழர் காலம் தொடங்கி விஜயநகரம் வரை போகும் பெரிய ஆங்கில நூல். இதை நான் எடுப்பதற்குக் காரணம், இதன் நடுநாயகமே பல ஊர்கள் சேர்ந்த 'நாடு' என்ற வட்டார அமைப்பு. பூந்துறை நாடு, காங்கய நாடு என்று கேட்டு வளர்ந்த கொங்குப் பிள்ளைகளுக்கு இந்த நூல் உள்ளே நுழைய வசதியாகவும் இருக்கும், வழுக்கிவிடவும் செய்யும். இரண்டையும் பார்ப்போம்.

முதல் படி: யாரோடு மல்லுக்கட்டுகிறார் என்று கண்டுபிடியுங்கள்

நூலைத் திறந்ததும் தேட வேண்டியது ஒரு பெயர். ஆசிரியர் யாரை மறுத்து எழுதுகிறார்? முன்னுரையிலும் முதல் அத்தியாயத்திலும் எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். ஸ்டெய்ன் நூலில் அந்தப் பெயர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி.

சாஸ்திரியின் 'தி சோழாஸ்' 1930களில் வந்தது. சோழ அரசை அவர் ஒரு வலுவான மையப் பேரரசாகக் காட்டினார். தலைநகரில் அரசன், அவனுக்குக் கீழே படிப்படியாக அதிகாரிகள், ஒழுங்கான வரி நிர்வாகம். அதே சமயம் ஊர்ச் சபைகள் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொண்டன என்றும் எழுதினார். ஸ்டெய்ன் கைவைப்பது சரியாக இந்த இடத்தில்தான். மையத்தில் அவ்வளவு இறுக்கமான அதிகாரம் இருந்தால் கீழே அவ்வளவு சுதந்திரமான சபைகள் எப்படி இருக்க முடியும்? இரண்டும் ஒன்றாகப் பொருந்துமா?

இந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மதிப்புரையின் முதல் பத்தி இதிலிருந்துதான் பிறக்கும். இது கிடைக்காமல் எழுத உட்கார்ந்தால், பொருளடக்கத்தை ஒப்பிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

இரண்டாம் படி: எதை முழுதாக, எதை மேலோட்டமாகப் படிப்பது

"ஏனுங்க ஐயா, இத்தாத்தண்டி புஸ்தகத்த முழுசாப் படிச்சே ஆகோணுங்களா?" என்று ஒவ்வொரு வருசமும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதலாண்டு மதிப்புரைக்கு என் பதில் இது: முன்னுரையை இரண்டு முறை படியுங்கள். பிறகு நூலின் வாதம் எந்த அத்தியாயத்தின் மேல் நிற்கிறதோ அந்த ஒன்றை அடிக்குறிப்புகளோடு, வரி விடாமல் படியுங்கள். மற்ற அத்தியாயங்களில் முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் போதும். அங்கேதான் ஆசிரியர் எதற்காக இந்த அத்தியாயம் என்று சொல்லியிருப்பார்.

ஸ்டெய்ன் நூலில் முழுதாகப் படிக்க வேண்டியது நாடு பற்றிய அத்தியாயம். அதோடு சோழ அரசைப் பற்றிய அத்தியாயத்தையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. விஜயநகரப் பகுதியை 700 சொல்லுக்குள் தொடாமல் விடலாம். ஆனால் விட்டதை மறைக்கக் கூடாது. "இம்மதிப்புரை நூலின் சோழர் காலப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். படிக்காத அத்தியாயத்தைப் படித்த மாதிரி எழுதினால் இரண்டே வரியில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: வாதத்தை ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். படித்து முடித்ததும் நூலை மூடி வையுங்கள். ஆசிரியர் சொல்வதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி வரும்:

"இந்நூல் இடைக்காலத் தென்னிந்தியாவில் உழவர்களையும் அரசையும் பற்றிப் பேசுகிறது."

இது தலைப்பின் மொழிபெயர்ப்பு. இதை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத வாக்கியம் வாதம் ஆகாது. அடுத்த முயற்சி:

"சோழர் காலத்தில் நாடுகள் முக்கியமாக இருந்தன என்கிறார் ஸ்டெய்ன்."

கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டோம். ஆனால் நாடுகள் முக்கியமில்லை என்று சாஸ்திரியும் சொல்லவில்லையே. இன்னும் ஒரு தடவை:

"சோழ அரசின் அடிப்படை அலகு, நிலமுள்ள உழுகுடிகளின் கையில் இருந்த நாடு. காவிரிப் படுகைக்கு வெளியே இருந்த நாடுகள் சோழ அரசனைச் சடங்கு முறையில் தலைவனாக ஏற்றனவே தவிர, அவன் அதிகாரிகளால் ஆளப்படவில்லை என்பது ஸ்டெய்னின் வாதம்."

இது வாதம். இதைக் கேட்டதும் ஒருவர் "அப்படியா, அதெப்படி?" என்று எதிர்க்கேள்வி போட முடியும். வாதத்தைப் பிடித்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை போதும்.

இந்த அமைப்புக்கு ஸ்டெய்ன் 'செக்மென்டரி ஸ்டேட்' என்று பெயர் சொல்கிறார். தமிழில் 'கூறாக்க அரசு' என்று எழுதலாம். எந்தச் சொல்லை எடுத்தாலும் முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்: ஒவ்வொரு கூறும் தனக்குள் ஒரு சிறிய அரசு போல முழுமையாக இயங்கும், மேலே இருக்கும் அரசன் அவை எல்லாவற்றுக்கும் சடங்குத் தலைவன். இந்தக் கருத்து ஸ்டெய்னுக்குச் சொந்தமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுத்தால் என்ற மானிடவியலாளர் 1956இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தது. ஆப்பிரிக்கச் சமூகம் ஒன்றுக்காக உருவான சட்டகத்தில் கோயிலும் கல்வெட்டும் நிறைந்த சோழ நாடு உட்காருமா? இது நீங்களே எழுப்பக்கூடிய நல்ல கேள்வி.

நான்காம் படி: ஒரே ஓர் அடிக்குறிப்பைத் துரத்துங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. செய்தவர்களின் தாள் தனியாகத் தெரியும்.

முழுதாகப் படித்த அத்தியாயத்தில், வாதத்துக்கு முட்டுக் கொடுக்கும் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் அடிக்குறிப்பைப் பாருங்கள். சோழர் பற்றிய நூல்களில் அந்தக் குறிப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றைக் காட்டும். முதலாவது, கல்வெட்டின் முழுப் பாடத்தையும் அச்சிட்ட 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதன் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. இரண்டாவது, கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை. ஓர் எண்ணும் ஓர் ஆண்டும் மட்டும் கொடுத்திருந்தால், அது அந்த ஆண்டில் படியெடுத்த கல்வெட்டின் வரிசை எண். மூன்றாவது, இன்னொரு ஆய்வாளரின் நூல்.

இந்த வேறுபாடு முக்கியம். ஆண்டறிக்கையில் கல்வெட்டின் முழுப் பாடம் இருக்காது. இன்ன கோயில், இன்ன அரசன், இன்ன ஆட்சியாண்டு, இன்ன தானம் என்று சில வரிச் சுருக்கம்தான். நிலத்தை யார் கொடுத்தார்கள், ஆணையில் யார் யார் கையெழுத்திட்டார்கள், வரிக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்ற விவரம் சுருக்கத்தில் விடுபட்டிருக்கலாம். அரசன் அதிகாரி அங்கே இருந்தாரா இல்லையா என்பதே சண்டையாக இருக்கும்போது, விடுபட்ட வரிகளுக்குத்தான் கனம் அதிகம். ஆக, அடிக்குறிப்பு முழுப் பாடத்தைக் காட்டுகிறதா, சுருக்கத்தைக் காட்டுகிறதா என்று பார்த்து எழுதினாலே ஒரு முதலாண்டு மாணவர் செய்யக்கூடிய உண்மையான மதிப்பீடு அது.

மூன்றாவது வகைக் குறிப்பிலும் ஒரு செய்தி கிடைக்கும். நாடுகளின் பரப்பையும் எல்லையையும் பேசும்போது ஸ்டெய்ன் எ. சுப்பராயலுவின் ஆய்வைச் சார்ந்து நிற்கிறார். கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை வைத்துச் சோழ மண்டலத்து நாடுகளை வரைபடத்தில் குறித்த அந்த நூல் 1973இல் வந்தது. அதே சுப்பராயலு பிறகு ஸ்டெய்னின் முடிவை ஏற்கவில்லை. ஒரே தரவிலிருந்து இரண்டு பேர் இரண்டு முடிவுக்குப் போகிறார்கள் என்றால், வேறுபாடு தரவில் இல்லை, அதை வாசிக்கும் முறையில் இருக்கிறது. இதை மதிப்புரையில் இரண்டு வரியில் எழுதலாம்.

ஐந்தாம் படி: தாங்குகிறதா என்று எடை போடுங்கள்

"நான் முதலாண்டு மாணவன், ஸ்டெய்னைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி?" என்ற தயக்கம் இயல்பு. இதற்கு வழி, உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்வதை விட்டுவிட்டு ஒரு சான்றை முன்னால் வைப்பது. நொபொரு கராஷிமா, சுப்பராயலு, ஆர். சம்பகலட்சுமி ஆகியோர் ஸ்டெய்னை விமர்சித்தவர்கள். சம்பகலட்சுமியின் நீண்ட மதிப்புரைக் கட்டுரை 1981இலேயே வந்துவிட்டது. மதிப்புரை எப்படி எழுதுவது என்று பழகவே அதைப் படிக்கலாம். ஆனால் உங்கள் அடிக்குறிப்பு வேலையை முடித்த பிறகு படியுங்கள். முதலிலேயே படித்தால் அவர் வார்த்தைதான் உங்கள் பேனாவில் வரும்.

இவர்கள் தரப்பின் சாரம் இது. முதலாம் ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வந்த பிறகு கல்வெட்டுகளில் சில மாற்றங்கள் தெரிகின்றன. நாடுகளைச் சேர்த்து, அரசனின் பட்டப்பெயர்களைச் சூட்டி, வளநாடு என்ற பெரிய பிரிவுகள் உருவாகின்றன. நிலம் அளக்கப்படுகிறது. தஞ்சைக் கல்வெட்டுகளில் நிலப்பரப்பு மிக நுண்ணிய பின்னம் வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. 'புரவுவரித் திணைக்களம்' என்ற வரித் துறையும் அதைச் சேர்ந்தவர்களும் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அரசனுக்குச் சடங்குத் தலைமை மட்டும்தான் என்றால், இத்தனை அளவையும் கணக்கும் யாருக்காக?

இதை அப்படியே ஸ்டெய்ன் தலையில் போட்டு "ஆகவே அவர் தவறு" என்று எழுதிவிடாதீர்கள். அவர் பக்கத்துப் பதிலையும் தேடிப் பாருங்கள். காவிரிப் படுகையில் அரசனின் கை வலுவாக இருந்ததை ஸ்டெய்ன் மறுக்கவில்லை. அப்படியானால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது: மேலே சொன்ன சான்றுகளில் எவ்வளவு படுகைக்குள், எவ்வளவு வெளியே? இந்தக் கேள்வியோடு நிறுத்தினாலே மதிப்புரை நேர்மையாக இருக்கும். தீர்ப்பு எழுத 700 சொல் போதாது.

கொங்கு மாணவர்கள் வழுக்கும் இடம்

நம் பக்கத்துத் தாள்களில் ஒரு பத்தி கட்டாயம் வரும்: "கொங்கில் இன்றும் 24 நாடுகள் வழக்கில் உள்ளன. எங்கள் குலமும் கோயிலும் இன்ன நாட்டைச் சேர்ந்தவை. எனவே ஸ்டெய்ன் கூறுவது சரியே." எழுதியவரின் ஆர்வம் புரிகிறது. சொந்த ஊர் ஒரு பெரிய நூலின் கேள்விக்குள் வந்து நிற்கும்போது வரும் ஆர்வம் அது, அதை அணைக்கக் கூடாது. ஆனால் சான்றாக அது நிற்காது.

காலத்தைப் பிரித்துப் பாருங்கள். விசயமங்கலத்தைக் குறுப்பு நாட்டு ஊராகக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. அந்தப் பெயரில் ஒரு நாடு அந்தக் காலத்தில் இருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. 24 நாடுகள் என்ற முழுப் பட்டியல் நமக்கு வந்து சேர்வது பிற்காலச் சதக நூல்கள் வழியாகவும் வாய்மொழியாகவும். இன்று கல்யாணத்திலும் காணியாச்சிக் கோயிலிலும் நாட்டுப் பெயர் சொல்வது இன்றைய வழக்கு. மூன்றும் மூன்று காலத்துச் செய்தி. கடைசியை வைத்து முதலாவதை நிரூபித்தால், இடையில் பல நூறு வருசம் எதுவும் மாறவில்லை என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறோம். இன்னொன்று, நாடு என்ற பெயர் இருந்தது என்பதில் ஸ்டெய்னுக்கும் சாஸ்திரிக்கும் சண்டையே இல்லை. அந்த நாட்டின் மேல் அரசனுக்கு என்ன அதிகாரம் என்பதுதான் சண்டை.

இதே கேள்வியை ஸ்டெய்னையும் கேட்கலாம். வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளைப் பேசும்போது அவர் பிரெண்டா பெக்கின் ஆய்வையும் எடுத்துக்கொள்கிறார். பெக் 1960களில் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கிச் செய்த மானிடவியல் ஆய்வு அது, 1972இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டுக் கொங்குக் கிராமத்தில் பார்த்தது இடைக்காலச் சமூகத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு தூரம் உதவும்? மேலே மாணவருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே ஆசிரியருக்கும் பொருந்தும். கொங்கைத் தெரிந்த ஒருவர் இந்த நூலுக்கு எழுதும் மதிப்புரையில் வரவேண்டிய பத்தி இதுதான். ஊர்ப் பெருமையாக வருவதைவிட இப்படிக் கேள்வியாக வந்தால் உங்கள் ஊர் அறிவு உண்மையிலேயே பயன்படும்.

எழுதும்போது

700 சொல்லை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். கேள்வியும் யாருக்கு மறுப்பு என்பதும் 120 சொல். வாதம் 200. சான்றும் எடையும் 280. நூலின் எல்லையும் யாருக்குப் பயன்படும் என்பதும் 100. சான்றுப் பகுதி வாதப் பகுதியைவிடக் குறைந்தால் மறுபடி சுருக்கமாகிப் போய்விட்டது என்று அர்த்தம். நூலாசிரியரின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

தலைப்புக்கு அடியில் ஆசிரியர், நூல் பெயர், பதிப்பகம், இடம், ஆண்டு, பக்க எண்ணிக்கை என்ற வரிசையில் ஒரு வரி. இதை நூலின் உள்பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். அட்டையிலும் விற்பனைத் தளங்களிலும் மறுபதிப்பு ஆண்டு இருக்கலாம்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. 'என்கிறார்' வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். நான்கைந்து வாக்கியம் எழுதி, கடைசியில் மட்டும் 'என்கிறார்' போட்டால், முன்னால் இருப்பது ஸ்டெய்ன் சொன்னதா நீங்கள் சொல்வதா என்று படிப்பவருக்குத் தெரியாது. பத்தியின் தொடக்கத்திலேயே 'ஸ்டெய்ன் பார்வையில்' என்று வைத்துவிடுங்கள். உங்கள் குரல் வரும் இடத்தில் புதிய பத்தி தொடங்குங்கள். சோழர் செய்தது இறந்த காலத்தில், ஸ்டெய்ன் வாதிடுவது நிகழ்காலத்தில் இருந்தால் இரண்டும் கலக்காது.

எடை போடும் பத்தி எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி:

"ஊர்ச் சபைகளின் சுதந்திரமும் மையப் பேரரசும் ஒன்றாகப் பொருந்துமா என்ற ஸ்டெய்னின் கேள்வி வலுவானது. நாட்டை மையமாக வைத்ததால், அரண்மனையிலிருந்து எழுதப்பட்ட சோழர் வரலாறு வயல்பக்கம் திரும்புகிறது. ஆனால் ராஜராஜன் காலத்து நில அளவையும் புரவுவரித் திணைக்களமும் சடங்குத் தலைமை என்ற விளக்கத்துக்குள் எளிதில் அடங்கவில்லை. படுகைக்கு வெளியே இச்சான்றுகள் எந்த அளவுக்குக் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே அவர் வாதத்தின் வலிமை அமையும்."

இதில் பாராட்டு ஒன்று, தடை ஒன்று, இன்னும் தீராதது ஒன்று. 'சிறந்த', 'அருமையான', 'தவறான' என்ற சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. ஸ்டெய்ன் கருத்தாகச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குள் பக்க எண் வர வேண்டும். பக்க எண் போட முடியாத வரி இருந்தால், அது நூலிலிருந்து வந்ததா, வகுப்பு நோட்ஸிலிருந்து வந்ததா என்று பாருங்கள். நோட்ஸிலிருந்து வந்தது என்றால் எடுத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் நூலைப் படிக்காத ஒரு நண்பரிடம் தாளைக் கொடுங்கள். படித்து முடித்தபின் "சாஸ்திரி என்ன சொன்னார், ஸ்டெய்ன் என்ன சொல்கிறார், உனக்கு எங்கே சந்தேகம்?" என்ற மூன்றையும் அவர் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். எதைச் சொல்லத் தடுமாறுகிறாரோ அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.